கண்ணாடியா, லென்ஸா? குளச்சல் கல்லூரி மாணவி ஒருவரின் கிட்டப்பார்வை: ஒரு நிகழ்வு ஆய்வு

மாணவிக்கு வயது 19. ஊர் குளச்சல் பக்கம். நாகர்கோவிலில் உள்ள ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு. காலையும் மாலையும் திங்கள்நகர் வழியாகப் பஸ் பயணம். கல்லூரி வாலிபால் அணியில் இருக்கிறார், வாரத்தில் மூன்று நாள் மாலைப் பயிற்சி. எட்டாம் வகுப்பிலிருந்து கண்ணாடி போடுகிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை இங்கே மாற்றியிருக்கிறோம். அளவுகளை மாற்றவில்லை.

அம்மாவோடு வந்தவர் கேட்டது ஒன்றே ஒன்று: கண்ணாடியை விட்டுவிட்டு முழுக்கக் காண்டாக்ட் லென்ஸுக்கு மாற வேண்டும். காரணமாகச் சொன்னவை நான்கு. கண்ணாடியின் ஓரம் தடியாக இருக்கிறது, வியர்வையில் மூக்கிலிருந்து வழுக்குகிறது, சாயங்காலம் ஆனால் நெற்றி வலிக்கிறது, பந்து மேலே வரும்போது எங்கே இருக்கிறது என்றே பிடிபடவில்லை.

அம்மாவின் கவலை வேறு. "கண்ணாடி போட்டாலே வருஷா வருஷம் பவர் கூடுகு. லென்ஸ் போட்டா நிக்குமா டாக்டரே? பிள்ளைக்கு நாளைக்கு ஒரு ஆலோசனை வந்தா…" என்று பாதியில் நிறுத்தினார். ஆலோசனை என்றது கல்யாணப் பேச்சை. இந்தப் பாதி வாக்கியத்தைக் கேட்காத கண் மருத்துவர் மாவட்டத்தில் இருக்க மாட்டார்.

நான்கு காரணங்களில் மூன்று, கண்ணாடி என்ற பொருளின் குறை அல்ல. அந்தக் குறிப்பிட்ட கண்ணாடியின் குறை. லென்ஸ்தான் தீர்வு என்று சொல்லத் தகுந்தது நான்காவது மட்டுமே. இந்தப் பிரிவினையைச் செய்யாமல் லென்ஸ் எழுதிக் கொடுத்திருந்தால், லென்ஸைக் கழற்றும் ஒவ்வொரு இரவும் அவர் பழைய தலைவலிக்கே திரும்பியிருப்பார்.

பழைய கண்ணாடியில் என்ன இருந்தது

கையிலிருந்த கண்ணாடி இரண்டு வருடம் பழையது. பவர் வலது −4.00, இடது −4.25. ஒரு திசையில் மட்டும் கூடுதலாகச் சேர்க்கும் பவரான சிலிண்டர் இல்லை. எழுத்துப் பலகையில் முழுப் பார்வை என்பது 6/6. அதைப் போட்டுக்கொண்டு வலது கண்ணால் 6/12 வரியும், இடது கண்ணால் 6/24 வரியும்தான் படிக்க முடிந்தது. வகுப்பில் முன்வரிசையில் உட்கார்ந்தே சமாளித்திருக்கிறார்.

ஃபிரேமின் காதுக்கம்பியின் உட்புறத்தில் 54-17 என்று அச்சிட்டிருந்தது. பெரும்பாலான ஃபிரேம்களில் இந்த எண்கள் இருக்கும், வாங்குகிறவர்கள்தான் பார்ப்பதில்லை. 54 என்பது ஒரு லென்ஸின் அகலம், 17 என்பது மூக்குப்பாலத்தின் அகலம், இரண்டும் மில்லிமீட்டரில். கூட்டினால் 71. அதாவது இரண்டு லென்ஸ்களின் நடுவிலிருந்து நடுவுக்கு 71 மி.மீ. மாணவியின் இரு கண்மணிகளுக்கு இடையே உள்ள தூரம், கடைக்காரர்கள் பி.டி. என்று சொல்வது, 61 மி.மீ. தான். வலது 30, இடது 31. ஒவ்வொரு கண்ணும் லென்ஸின் நடுவில் இல்லாமல் சுமார் 5 மி.மீ. மூக்குப் பக்கம் நிற்கிறது.

இது தெரிந்த கடையில், லென்ஸை வெட்டும்போது, ஒளி வளையாமல் நேரே போகும் இடமான அதன் ஒளிமையத்தை அந்த 5 மி.மீ. உள்ளே தள்ளி வெட்டுவார்கள். லென்ஸின் பவரையும் மையத்தையும் காட்டும் லென்சோமீட்டரில் வைத்துப் புள்ளியிட்டு அளந்தபோது இந்தக் கண்ணாடியில் இரு மையங்களுக்கு இடையே 67 மி.மீ. இருந்தது. இருக்க வேண்டியதை விட 6 கூடுதல், பக்கத்துக்கு 3. பெரிய ஃபிரேமில் இது நடப்பதற்கு ஒரு சாதாரணக் காரணம் உண்டு. லென்ஸ் கடைக்கு வட்டத் தட்டாக வருகிறது. 65 மி.மீ. தட்டை 54 அகல ஃபிரேமுக்காக 5 மி.மீ. உள்ளே தள்ளினால் வெளிப்பக்க ஓரத்தில் கண்ணாடி பற்றாது. பெரிய தட்டுக்கு ஆர்டர் போட வேண்டும், இரண்டு நாள் தாமதம் ஆகும். அதற்குப் பதில் முடிந்த வரை தள்ளி வெட்டிக் கொடுத்துவிடுகிறார்கள்.

விளைவைக் கணக்கிடலாம். மையம் விலகிய தூரத்தை சென்டிமீட்டரில் எடுத்து, பவரால் பெருக்கினால் ஒளியை ஒரு பக்கமாகத் திருப்பும் பிரிசம் எத்தனை அளவு கண்ணில் விழுகிறது என்று கிடைக்கும். வலதுக்கு 0.3 × 4.00 = 1.2. இடதுக்கு 0.3 × 4.25, ஏறக்குறைய 1.3. இரண்டும் சேர்ந்து 2.5. எண் சிறியதுதான், ஆனால் திசை மோசம். கிட்டப்பார்வை லென்ஸில் மையம் வெளியே போனால், தூரத்தில் உள்ள கரும்பலகையைப் பார்க்க இரு கண்களும் வெளிப்பக்கமாக விலகியாக வேண்டும். கண்கள் உள்ளே குவிவதில் கெட்டிக்காரர்கள், வெளியே விலகுவதில் அவற்றுக்குக் கொஞ்சம்தான் கொள்ளளவு. நாள் முழுக்க அந்தக் கொஞ்சத்தைச் செலவழித்தால் சாயங்காலம் நெற்றி வலிக்கும். தலைவலி காலையில் இல்லாமல் மாலையில் வருவதும், ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தால் குறைவதும் இதற்குப் பொருந்துகிற அறிகுறி. இடது கண்ணின் சிலிண்டர் விட்டுப்போனதும் அந்த வலிக்குத் தன் பங்கைச் சேர்த்திருக்கும்.

பவர் பார்த்த விதம்

தானியங்கிக் கருவி காட்டிய அளவு வலது −5.00, இடது −5.50, அதோடு சிலிண்டர். இந்தச் சீட்டை அப்படியே கண்ணாடியாக்கிக் கொடுக்கும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. இந்த வயதில் அதைச் செய்யக் கூடாது. கருவிக்குள் பார்க்கும்போது கண்ணின் உள்தசை இறுகிக்கொள்ளும், பக்கத்தில் எதையோ பார்ப்பதாக அது நினைத்துக்கொள்கிறது. இரவு வெகுநேரம் போன் பார்க்கிற பிள்ளைகளுக்கு இந்த இறுக்கம் இன்னும் கூடுதல். இறுக்கம் முழுவதும் மைனஸ் பவராகப் பதிவாகும்.

அதனால் சைக்ளோபென்டோலேட் 1% சொட்டு விட்டுத் தசையைத் தளர்த்தி மறுபடி அளந்தார்கள். இரண்டு கண்ணிலும் 0.50 இறங்கியது. அந்தச் சொட்டு விட்டால் ஒரு நாள் வரை கண்ணாடி போட்டுக் கிட்டத்தில் படிக்க முடியாது, வெயில் கூசும். திரும்பிப் போகையில் பஸ்ஸில் அருகில் ஆள் வேண்டும், மறுநாள் தேர்வு இருக்கக் கூடாது. கண்மணி விரிந்திருந்த நேரத்திலேயே விழித்திரையின் ஓரம் வரை பார்த்தார்கள். நாலு, ஐந்து பவர் உள்ள கண் சராசரியை விட நீளமானது, ஓரத்தில் விழித்திரை மெலிந்திருக்கலாம். இவருக்கு மெலிவோ ஓட்டையோ இல்லை.

மூன்று நாள் கழித்து, சொட்டின் வேகம் அடங்கியபின் எழுத்துப் பலகையில் உறுதி செய்த இறுதி அளவு இது. வலது −4.50, சிலிண்டர் −0.50, அது நிற்கும் கோணமான ஆக்சிஸ் 180. இடது −5.00, சிலிண்டர் −1.25, ஆக்சிஸ் 170. சிவப்பு-பச்சைப் பரிசோதனையில் இரண்டு நிறத்து எழுத்தும் ஒரே அளவு தெளிவு. பச்சை கூடுதலாகத் தெளிந்திருந்தால் மைனஸ் அதிகமாகிவிட்டது என்று பொருள். இரு கண்ணும் 6/6.

அம்மா கேட்ட கேள்விக்குப் பதிலும் இங்கேதான் வருகிறது. கண்ணாடி போடுவதால் பவர் கூடுவதில்லை. கண் நீள்வதால் கூடுகிறது. குறைத்துப் போட்டால் ஏறாமல் நிற்கும் என்று பவரை அரைகுறையாகக் கொடுக்கும் பழக்கமும் பயனற்றது, அப்படிப் போட்ட பிள்ளைகளுக்கு ஏற்றம் குறையவில்லை என்றே ஆய்வுகள் காட்டின. சாதாரண மென் காண்டாக்ட் லென்ஸும் அதை நிறுத்தாது.

முதலில் ஒழுங்கான கண்ணாடி

தடிமனைக் குறைக்க எல்லோரும் விலை கூடிய மெல்லிய லென்ஸைக் கேட்கிறார்கள். அதை விட வலுவான ஆயுதம் சின்ன ஃபிரேம், அதற்குக் கூடுதல் பணமும் கிடையாது. இடது கண்ணின் −5.00 பவரை வைத்து ஓரத் தடிமனைக் கணக்கிட்டுப் பார்ப்போம். மையத்திலிருந்து வெளிப்பக்க ஓரம் எவ்வளவு தூரமோ, அதன் வர்க்கத்துக்கு ஏற்பத் தடிமன் ஏறுகிறது. பழைய 54-17 ஃபிரேமில் மையத்தைச் சரியாக வைத்தால் அந்தத் தூரம் 27 கூட்டல் 5, மொத்தம் 32 மி.மீ. ஒளியை வளைக்கும் திறனைக் குறிக்கும் எண் 1.50 ஆக உள்ள சாதாரணப் பிளாஸ்டிக்கில் வெளி ஓரம் ஏறக்குறைய 7 மி.மீ. வரும். அதே ஃபிரேமில் விலை உயர்ந்த 1.67 லென்ஸ் போட்டால் ஏறக்குறைய 5.3.

இப்போது 48-16 ஃபிரேமை எடுத்துக்கொள்வோம். கூட்டினால் 64, பி.டி. 61. உள்ளே தள்ள வேண்டியது பக்கத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர்தான். ஓரம் வரை தூரம் 25.5. சாதாரண 1.50 லென்ஸிலேயே தடிமன் சுமார் 5.3. பெரிய ஃபிரேமில் விலை கொடுத்து வாங்கிய மெலிவு, சின்ன ஃபிரேமில் சும்மா கிடைக்கிறது. சின்ன ஃபிரேமில் 1.60 போட்டால் 4.2 அளவில் நிற்கும். இவருக்குக் கொடுத்தது அதுதான். 1.67 வரை போகத் தேவையில்லை.

"மக்களே, கண்ணாடியில மொகம் எப்படி இருக்குன்னு பாக்கதுக்கு முன்னாடி, கண்ணு லென்ஸுக்க நடுவுல நிக்குதான்னு பாரு" என்று ஆப்டோமெட்ரிஸ்ட் அக்கா சொன்னது ஃபிரேம் தேர்வுக்குப் போதுமான விதி. தட்டாக ஒட்டிய மூக்குத்தாங்கிக்குப் பதில், வளைத்துச் சரிசெய்யக்கூடிய சிலிக்கான் மூக்குத்தாங்கி உள்ள ஃபிரேமை எடுத்தார்கள். வழுக்கல் பிரச்சினையில் பாதி அதிலும், மீதி காதுக்குப் பின்னால் கம்பியின் வளைவைச் சரியான இடத்தில் இறக்கியதிலும் தீர்ந்தது. கண்ணாடி வழுக்கினால் அழகு மட்டும் கெடுவதில்லை. கண்ணிலிருந்து லென்ஸ் தள்ளிப் போகப் போக மைனஸ் பவரின் வேகம் குறைகிறது. கண்ணாடியை மேலே தள்ளியதும் தெளிவாகத் தெரிவது அதனால்தான்.

வாங்கும் நாளில் கடையிலேயே லென்சோமீட்டரில் வைத்து மையத்தூரத்தைக் காட்டச் சொல்ல வேண்டும். கேட்க உரிமை உண்டு. இரண்டு நிமிட வேலை. இவருடையது 61.5 வந்தது, இந்தப் பவருக்கு அது ஏற்கத்தக்கது. சிலிண்டர் புதிது என்பதால் முதல் நான்கு ஐந்து நாள் தரை சற்றே சாய்ந்ததாகத் தெரியும், படிக்கட்டில் நிதானம் தேவை என்று சொல்லி அனுப்பினார்கள். இரண்டு வாரம் கழித்து வந்தபோது மாலைத் தலைவலி இல்லை.

வாலிபாலும் லென்ஸும்

நான்காவது புகார் மட்டும் புதுக் கண்ணாடியிலும் அப்படியே இருந்தது. அதுவும் எதிர்பார்த்ததே. பந்தைத் தூக்கிக் கொடுக்கிற ஆட்டக்காரர் முகத்தை நிமிர்த்தி, கண்ணை இன்னும் மேலே உருட்டிப் பார்க்கிறார். பார்வை லென்ஸின் மையத்துக்கு ஒன்றரை சென்டிமீட்டர் மேலே, விளிம்பை ஒட்டிப் போகிறது. அங்கே 1.5 × 5.00, அதாவது 7.5 அளவு பிரிசம். பந்து இருக்கும் இடம் ஒன்று, தெரியும் இடம் வேறு. விளிம்பைத் தாண்டினால் பார்வையே மங்கல். போதாததற்கு, இந்தப் பவரில் கண்ணாடி வழியாக எல்லாமே ஐந்தாறு சதவீதம் சிறிதாகத் தெரியும். கருவிழியின் மேலேயே உட்கார்ந்து கண்ணோடு சேர்ந்து உருளும் லென்ஸில் இந்த மூன்றும் இல்லை. பட்டை வைத்த பாலிகார்பனேட் விளையாட்டுக் கண்ணாடி ஒரு மாற்று வழி, பந்து முகத்தில் பட்டால் பாதுகாப்பும் அதுவே. ஆனால் மேலே பார்க்கும் சிக்கலை அது தீர்க்காது.

ஆகவே முடிவு: கண்ணாடி அன்றாடத்துக்கு, ஒரு நாள் போட்டு எறிந்துவிடும் தினசரி லென்ஸ் பயிற்சிக்கும் போட்டிக்கும். மாத லென்ஸ் ஏன் வேண்டாம் என்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விலையில் அதுதான் மலிவு. மாத லென்ஸைத் திறந்த நாளிலிருந்து ஒரு மாதத்தில் எறிய வேண்டும், போட்டது பன்னிரண்டு நாள்தானே என்று நீட்டிக்க முடியாது. ஒவ்வொரு முறையும் கழற்றி உள்ளங்கையில் தேய்த்து, கரைசலில் அலசி, டப்பாவில் புதுக் கரைசல் ஊற்றி வைக்க வேண்டும். கிணற்றுத் தண்ணீர் புழங்கும் வீட்டில், பஸ் பிடிக்கும் அவசரத்தில் நடக்கும் தவறு ஒன்றே: டப்பாவைத் தண்ணீரில் கழுவுவது. இல்லாவிட்டால் பழைய கரைசலின் மேலேயே கொஞ்சம் புதிதை ஊற்றுவது. கிணறு, குளம், குழாய் எதிலும் அகந்தமீபா என்ற நுண்ணுயிர் இருக்கலாம். லென்ஸுக்கு அடியில் அது போய்விட்டால் கருவிழிப் புண் மாதக்கணக்கில் இழுக்கும், வலி பொறுக்க முடியாது. தினசரி லென்ஸில் டப்பாவும் இல்லை, கரைசலும் இல்லை.

பவர் மாற்றத்தில் ஒரு கணக்கு உண்டு. கண்ணாடிச் சீட்டை அப்படியே லென்ஸ் பெட்டிக்கு எழுதக் கூடாது. கண்ணாடி கருவிழிக்கு 12 மி.மீ. முன்னால் நிற்கிறது, லென்ஸ் அதன் மேலேயே இருக்கிறது. சூத்திரம் இது, இதில் F கண்ணாடியின் பவர், d மீட்டரில் அந்த இடைவெளி, Fc லென்ஸின் பவர்:

```
Fc = F / (1 − d × F)
−5.00 / (1 + 0.012 × 5.00) = −4.72
```

நான்குக்குக் குறைந்த பவரில் இந்த வித்தியாசம் பொருட்டல்ல, அதற்கு மேல் பார்க்க வேண்டும். இடது கண்ணின் ஒரு திசையில் −5.00, குறுக்குத் திசையில் −6.25. இரண்டையும் தனித்தனியே மாற்றினால் −4.72, −5.81. ஆக சிலிண்டர் 1.25 அல்ல, 1.10 தான். சிலிண்டர் உள்ள தினசரி டாரிக் லென்ஸ்கள் பெரும்பாலும் −0.75, −1.25, −1.75 என்ற படிகளில் வருகின்றன, 1.10க்கு அருகில் இருப்பது 1.25. எனவே −4.75 / −1.25 × 170. வலது கண்ணில் சிலிண்டர் அரைதான், அதற்கு டாரிக் வேண்டாம். அதில் பாதியைப் பவரோடு சேர்த்து மாற்றினால் −4.50 வருகிறது.

லென்ஸ் போடுவதற்கு முன், கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லாம்பில் பார்த்தது முக்கியமாக இரண்டு. கண்ணீர்ப் படலம் உடைய எத்தனை நொடி ஆகிறது (இவருக்கு 10, எல்லைக்கோட்டில் தேறுகிறது), மேல் இமையைப் புரட்டினால் ஒவ்வாமைத் தடிப்பு இருக்கிறதா (இல்லை). தடிப்பு இருந்திருந்தால் முதலில் அதற்கு மருந்து, லென்ஸ் பிறகு. சோதனை லென்ஸைப் போட்டு இருபது நிமிடம் உட்கார வைத்தார்கள். உடனே பார்த்தால் கண்ணீர் பெருகி எந்த லென்ஸும் நீந்தும். பிறகு பார்த்தபோது லென்ஸ் கருவிழியை முழுதும் மூடியிருந்தது, ஒவ்வொரு இமைப்புக்கும் அரை மில்லிமீட்டருக்குள் அசைந்து திரும்பியது. டாரிக் லென்ஸில் அடிப்பக்கம் ஒரு சிறு கோடு உண்டு. அது கடிகாரத்தின் ஆறு மணி இடத்துக்கு நேராக நிற்க வேண்டும். பத்து டிகிரி திரும்பினால் திருத்த வேண்டிய சிலிண்டரில் மூன்றில் ஒரு பங்கு திருத்தப்படாமல் நிற்கும். இவருக்கு மூன்று நான்கு டிகிரிக்குள் நின்றது. வலது 6/6, இடது 6/6 வரியில் ஓரெழுத்துக் குறைவு.

போடக் கற்றுக்கொடுத்தபோது கைக்கே அதிக நேரம் போயிற்று. தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்த கை, சாதாரணச் சோப்பில் ஒரு தடவை கழுவினால் போகாது. எண்ணெய் லென்ஸில் ஒட்டினால் புகை மூட்டம் போலத் தெரியும், எத்தனை இமைத்தாலும் விலகாது. இரண்டு முறை சோப்பு போட்டு, விரலிடுக்கும் நுனியும் தேய்த்து, துணிப்பஞ்சு ஒட்டாத டிஷ்யூவில் ஈரம் போகத் துடைக்க வேண்டும். ஈரக்கையில் லென்ஸ் விரலோடு ஒட்டிக்கொள்ளும், கண்ணுக்கு இறங்காது; குழாய்த் தண்ணீரும் கூடவே போகும். எப்போதும் வலது கண்ணில் தொடங்க வேண்டும், இரண்டு கண்ணுக்கும் லென்ஸ் வேறு வேறு என்பதால் இது கட்டாயம். விரல் நுனியில் வைத்துப் பக்கவாட்டில் பார்த்தால் கிண்ணம் போல விளிம்பு நேராக நிற்க வேண்டும். தட்டு மாதிரி வெளியே விரிந்தால் உள்வெளி மாறியிருக்கிறது. கண்மை லென்ஸ் போட்ட பிறகு, இமைக்கு வெளியே மட்டும்.

பயிற்சி இல்லாத நாளில் லென்ஸ் கிடையாது. ஆய்வக நாளில் அறவே கிடையாது. கரைப்பான் ஆவி இருக்கும் அறையில் கண்ணாடி, அதன் மேல் பாதுகாப்புக் கண்ணாடி. முதல் நாள் நான்கு மணி நேரம், பின் மெதுவாக ஏற்றி எட்டு மணி நேரத்தில் நிறுத்தம். லென்ஸோடு குளியல், குளம், அருவி, கடல் எதுவும் ஆகாது. திற்பரப்புக்குக் கல்லூரிச் சுற்றுலா என்றால் அன்று கண்ணாடிதான். லென்ஸோடு தூக்கமும் ஆகாது. மென் காண்டாக்ட் லென்ஸைப் பகலில் மட்டும் போடுகிறவர்களில் கருவிழித் தொற்று ஆண்டுக்குப் பத்தாயிரம் பேருக்குச் சுமார் 4 என்று 1989-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்று கணித்தது. போட்டபடியே தூங்குகிறவர்களில் அது 20-ஐத் தாண்டியது. பஸ்ஸில் கண் அயர்வதும் தூக்கம்தான்.

பெட்டிக் கணக்கு எளிது. ஒரு பெட்டியில் 30 லென்ஸ், இரு கண்ணுக்கும் பவர் வேறு என்பதால் இரண்டு பெட்டி. வாரம் மூன்று நாள் என்றால் பத்து வாரம் வரும்.

போட்டபின் வந்த இரண்டு சிக்கல்கள்

முதலாவது இரண்டாம் வாரத்தில். பயிற்சிக்கு முன்பே, வகுப்பிலேயே இடது கண் மங்கி மங்கித் தெளிகிறது என்றார். லென்ஸ் திரும்பிவிட்டதோ என்று ஸ்லிட் லாம்பில் பார்த்தால் கோடு அதே இடத்தில் நின்றது. மங்கல் இமைத்ததும் மாறுகிறது என்றால் காரணம் இரண்டில் ஒன்று: லென்ஸ் சுழல்கிறது, இல்லையேல் வறள்கிறது. விசாரித்ததில், பயிற்சி நாளில் வீட்டிலேயே காலை ஏழு மணிக்கு லென்ஸ் போட்டுக்கொண்டு பஸ்ஸின் இடப்பக்க ஜன்னலோரம் உட்கார்ந்து வந்திருக்கிறார். அப்போது ஆடி மாதம். கடற்கரைக் காற்றும் அதில் வரும் உப்பும் மணலும் ஒரு மணி நேரம் நேரே இடது கண்ணில். பத்து நொடிக் கண்ணீர்ப் படலம் அதைத் தாங்காது. பஸ்ஸில் கண்ணாடி, பயிற்சிக்குக் கால் மணி நேரம் முன் கல்லூரியில் லென்ஸ் என்று மாற்றினார்கள். பையில் ஒரு சோப்பு, டிஷ்யூ பொட்டலம், சிறு கண்ணாடி சேர்ந்தன.

கூடவே ஒரு கேள்வி கேட்டார்: லென்ஸோடு போன் பார்த்தால் கண் வலிக்கிறதே? உண்மைதான். கண்ணாடி வழியாக 25 செ.மீ. தூரத்தில் போன் பார்க்க இவர் கண் சுமார் 3.4 பவர் முயற்சி செய்தால் போதும். லென்ஸில் அதே தூரத்துக்கு 3.8 வேண்டும். உள்ளே குவிவதற்குக் கண்ணாடி கொடுத்துவந்த உதவியும் லென்ஸில் இல்லை. போனை ஒரு முழம் தள்ளிப் பிடித்தால் சரியாகும். பெரும்பாலோருக்குச் சில வாரத்தில் பழகிவிடும்.

இரண்டாவது சிக்கல் கொஞ்சம் பயமுறுத்தியது. மூன்றாம் மாதம், தொடர் போட்டி நடந்த வாரம். முதல் ஆட்டம் முடிந்து லென்ஸைக் கழற்றி, ஒரு மணி நேரம்தானே போட்டோம் என்று, அது வந்த சின்னப் பிளாஸ்டிக் குழியிலேயே குடிநீர் பாட்டில் தண்ணீரை ஊற்றி வைத்து, மறுநாள் மறுபடி போட்டிருக்கிறார். மூன்றாம் நாள் காலை வலது கண் சிவந்து, நீர் வடிந்து, வெளிச்சம் கூசியது. வீட்டில் பாட்டி நந்தியாவட்டைப் பூச்சாறு விடலாம் என்றிருக்கிறார், மருந்துக்கடையில் கேட்டு ஒரு சொட்டும் வாங்கியிருக்கிறார்கள். நல்லவேளையாக இரண்டும் கண்ணில் இறங்கவில்லை. வாங்கிய சொட்டு ஸ்டீராய்டு கலந்தது. கருவிழியில் பூஞ்சை இருக்கும் கண்ணில் ஸ்டீராய்டு விட்டால் சிவப்பு வடியும், கண் வெளுக்கும், உள்ளே புண் ஆழமாகப் போகும். வயலும் தென்னந்தோப்பும் நிறைந்த தென்மாவட்டங்களில் பூஞ்சைப் புண் அரிதல்ல என்பதால் இது வெறும் எச்சரிக்கை வார்த்தை அல்ல.

அன்றே வந்தார். ஃப்ளோரசின் சாயம் தொட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தபோது கருவிழியில் ஊசிமுனைப் புள்ளிகளாகச் சாயம் பிடித்திருந்தது, ஆனால் வெள்ளைத் திட்டோ பள்ளமோ இல்லை. மேற்பரப்பு உரசல், புண் அல்ல. லென்ஸ் நிறுத்தம், ஆன்டிபயாடிக் சொட்டு, மறுநாளே மறுபார்வை. நான்காம் நாள் சாயம் எங்கும் பிடிக்கவில்லை. லென்ஸ் மறுபடி தொடங்க மேலும் இரண்டு வாரம் விட்டார்கள். வெள்ளைத் திட்டு இருந்திருந்தால் கருவிழியைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்திருக்க வேண்டும். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, கருவிழி மருத்துவர் உள்ள வேறு இடத்துக்கோ அன்றே போக வேண்டிய நிலை அது. அப்படிப் போகும்போது போட்டிருந்த லென்ஸை எறியாமல் எடுத்துப் போக வேண்டும், கிருமியை அதிலிருந்தும் வளர்த்துப் பார்க்க முடியும்.

இந்த நாட்களில் அவர் வகுப்புக்கும் தேர்வுக்கும் போனது சரியான பவரில் கண்ணாடி இருந்ததால்தான். லென்ஸ் மட்டுமே வைத்திருக்கிறவர்கள் சிவந்த கண்ணிலும் அதையே போடுகிறார்கள், வேறு வழி அவர்களுக்கு இல்லை. பெரிய புண்களில் கணிசமானவை அங்கேதான் தொடங்குகின்றன.

ஆறாம் மாதப் பரிசோதனையில் பவர் மாறவில்லை. கருவிழி ஓரத்தில் புது ரத்தக்குழாய் எதுவும் வளரவில்லை, மேல் இமை சுத்தம். ஆலோசனைப் பேச்சை அம்மா மறக்கவில்லை, லேசர் செய்துவிடலாமா என்று கேட்டார். ஒரு வருடமாவது பவர் அசையாமல் நிற்க வேண்டும், இவருக்கு ஆனது அரை வருடம். நின்றால் அடுத்த ஆண்டு கருவிழியின் வளைவையும் தடிமனையும் அளந்து பார்க்கலாம். அளவு எடுக்கும் நாளுக்கு முன் இடது கண்ணின் டாரிக் லென்ஸை இரண்டு வாரம், வலதை ஒரு வாரம் நிறுத்த வேண்டும், லென்ஸ் அழுத்திய கருவிழி தன் வடிவத்துக்குத் திரும்ப அவ்வளவு காலம் ஆகும்.